ஒரே டிவியில் எட்டுக் கேமரா: கட்டம், நீட்டல், தெளிவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், கீழக்கரை, தொண்டி என்று கடற்கரை ஓரமாகவே கேமரா மாட்டிக்கொண்டிருக்கிறேன். கேமரா மாட்டியபின் வரும் போன்களில் பாதி கேமராவைப் பற்றியது அல்ல, டிவியில் படம் தெரிகிற விதத்தைப் பற்றியது. பதில்களைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் சொன்னபடியே இருக்கின்றன.

பதினாறுக்கு ஒன்பதுன்னு சொல்றீங்களே, அது என்னண்ணே?

படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள கணக்கு. அகலம் 16 பங்கு என்றால் உயரம் 9 பங்கு. இன்று கடையில் கிடைக்கும் டிவி ஏறத்தாழ எல்லாமே இந்த வடிவம்தான். 2 மெகாபிக்சல் கேமரா தரும் படமும் 1920x1080, அதாவது அதே 16:9. இரண்டும் ஒரே வடிவமாக இருப்பதால் ஒரு கேமராவை டிவி முழுக்கப் போட்டால் ஒரு சிக்கலும் வராது.

சிக்கல் வருவது வடிவம் வேறுபடும்போது. 5 மெகாபிக்சல் என்று விற்கும் கேமராக்களில் பல 2592x1944 தருகின்றன. அது 4:3, பழைய பெட்டி டிவியின் வடிவம். பில்லிங் மேசையில் கிடக்கும் பழைய 1280x1024 மானிட்டர் 5:4, இன்னும் சதுரமானது. வேறு வேறு வடிவங்களை ஒன்றுக்குள் ஒன்று அடக்கும்போது இரண்டில் ஒன்று நடக்கும்: படத்தை இழுத்து நிரப்ப வேண்டும், இல்லையென்றால் ஓரத்தில் கறுப்பு விட வேண்டும். இந்தப் பக்கத்தில் வரும் கேள்விகளில் பெரும்பாலானவை இதற்குள் அடங்கிவிடும்.

டிவியில ஆளெல்லாம் குண்டா தெரியுறாங்க. கேமரா கோளாறா?

கேமராவை விட்டுவிடுங்கள். படம் இழுபடக்கூடிய இடங்கள் இரண்டு. ஒன்று, ரெக்கார்டர் பெட்டி ஒவ்வொரு கேமராவையும் அதன் கட்டத்துக்குள் வைக்கும் இடம். இரண்டு, பெட்டி அனுப்பும் மொத்தப் படத்தையும் டிவி தன் கண்ணாடிக்கு ஏற்ப விரிக்கும் இடம். எது இழுக்கிறது என்று தெரியாமல் ரிமோட்டையும் மவுஸையும் மாற்றி மாற்றித் தட்டினால் பொழுது போகும், படம் சரியாகாது.

மண்டபம் பக்கம் ஒரு நண்டு கம்பெனியில் நடந்ததைச் சொன்னால் புரியும். நெட்வொர்க் கேபிளில் படம் அனுப்பும் ஐ.பி. கேமரா எட்டு, 43 அங்குல டிவி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் போகாத தடைக்காலம். கம்பெனியில் வேலை குறைவு என்பதால் முதலாளிக்கு டிவி பார்க்க நேரம் கிடைத்திருக்கிறது. "தம்பி, நம்ம வாட்ச்மேன் ரெண்டு சுற்று பெருத்துட்டாரு, வந்து பாருங்க" என்றார். வாட்ச்மேன் பைக்கை முற்றத்தில், கேமராவுக்குப் பக்கவாட்டாக, படத்தின் நடுவில் நிறுத்தச் சொன்னேன். டிவி மேல் ஸ்கேலை வைத்துச் சக்கரத்தை அளந்தேன். அகலம் 9.2 சென்டிமீட்டர், உயரம் 6.5. வகுத்தால் 1.42 வருகிறது.

அந்த எண் எனக்குப் பழக்கமானது. பெட்டி 1280x1024 என்று அனுப்பி, அதை டிவி 16:9 கண்ணாடிக்கு இழுத்தால் இழுப்பு சரியாக 1.42 மடங்கு. மெனுவைத் திறந்தால் `Output Resolution` அப்படியேதான் இருந்தது. பல பெட்டிகள் தொழிற்சாலையிலிருந்து அந்த அளவோடுதான் வருகின்றன. அதை 1920x1080 ஆக்கினேன், சக்கரம் வட்டமாகிவிட்டது. இதே அளவெடுப்பில் 1.33 வந்தால் வேறு நோய்: 4:3 கேமராவை 16:9 கட்டத்துக்குள் பெட்டியே இழுத்து நிரப்புகிறது. அப்படியென்றால் எல்லாக் கேமராவும் கெடாது, அந்தக் கேமரா மட்டும்தான் கெடும்.

சக்கரத்தைப் படத்தின் ஓரத்தில் வைத்து அளக்காதீர்கள். அகலக் கோண லென்ஸ் ஓரத்தில் தானாகவே கொஞ்சம் வளைக்கும். அது இந்தக் கணக்கில் சேராது.

எட்டுக் கேமரா இருக்கு. ஒன்பது கட்டம் போடுறதா, வேற எதுவும் இருக்கா?

அந்த நண்டு கம்பெனியில் கேட்ட அடுத்த கேள்வி இதுதான். 1080 டிவியில் ஒன்பது கட்டம், அதாவது மூன்றுக்கு மூன்று போட்டால் ஒவ்வொரு கட்டமும் 640x360. ஒன்றாவது கட்டம் முதல் எட்டாவது வரை கேமரா, ஒன்பதாவதில் கம்பெனி சின்னம். பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் அங்கே முதலாளி உண்மையில் பார்ப்பது ஒரே இடம்: எடை போடும் மேசை. கூடையைத் தராசில் வைத்ததும் சிவப்பு எண் என்ன காட்டுகிறது, அடுத்த ஆள் நோட்டில் என்ன எழுதுகிறார். ஜெனரேட்டர் அறையும் பின்வாசலும் யாராவது நடமாடினால் தெரிந்தால் போதும்.

அதனால் ஒன்று பெரிது, ஏழு சிறிது என்ற எட்டுக் கட்ட அமைப்பைப் போட்டேன். ஏறக்குறைய எல்லாப் பெட்டியிலும் இது இருக்கும். திரையை நான்குக்கு நான்காகப் பதினாறு பங்கு போட்டு, அதில் மூன்றுக்கு மூன்று ஒன்பது பங்கை ஒரே சன்னலாகச் சேர்த்துவிடுவார்கள். மிச்சம் ஏழு பங்கு வலது ஓரத்திலும் கீழேயும் வரிசையாக நிற்கும். பெரிய சன்னல் 1440x810, சிறியவை 480x270. இரண்டும் 16:9 தான் என்பதைக் கவனியுங்கள். அகலத்தையும் உயரத்தையும் ஒரே எண்ணால் வகுக்கும் எந்தக் கட்டமும் டிவியின் வடிவத்தைக் கெடுக்காது. அதனால் யாரும் பெருக்கவில்லை, இளைக்கவில்லை. தராசு எண் நாற்காலியில் உட்கார்ந்தபடியே படிக்க முடிந்தது.

எந்தக் கேமரா பெரிய சன்னலில் வர வேண்டும் என்பதைப் பெட்டியின் நேரலைக் காட்சி அமைப்பில் இழுத்துப் போட்டுவிட்டுச் சேமிக்க மறக்காதீர்கள். சேமிக்காமல் விட்டால் கரண்ட் போய் வந்ததும் முதல் கேமரா அந்த இடத்தில் வந்து உட்காரும். எங்கள் பக்கம் கரண்ட் போய் வருவது விசேஷமல்லவே.

எனக்கு ஆறுதான் இருக்கு. மூணு மேல, மூணு கீழ, சரியா வருமே?

காகிதத்தில் சரியாக வரும். அகலத்தை மூன்றால் வகுக்கிறீர்கள், உயரத்தை இரண்டால். கட்டம் 640x540 ஆகிறது, கிட்டத்தட்டச் சதுரம். 16:9 படம் அதில் 640x360 தான் நிரப்பும், மேலும் கீழும் 90 வரி கறுப்பு. நீட்டி நிரப்பினால் ஆள் ஒன்றரை மடங்கு உயரமாவான், கோயில் தூண் மாதிரி. ஒன்பது கட்டத்தில் கிடைப்பதும் அதே 640x360 தான் என்பதால் ஒரு லாபமும் இல்லை.

ஆறுக்கு ஏற்றது ஒன்று பெரிது, ஐந்து சிறிது. இது மூன்றுக்கு மூன்றில் நான்கு பங்கைச் சேர்த்தது: பெரியது 1280x720, சிறியவை 640x360.

கறுப்புப் பட்டை விழுது. காசு குடுத்து வாங்குன டிவி வீணாப் போகுதே?

4:3 கேமரா ஒன்றிரண்டு இருந்தால் இது வரும். 640x360 கட்டத்தில் அந்தப் படம் 480x360 ஆக நடுவில் நிற்கும், இரண்டு பக்கமும் 80 புள்ளி கறுப்பு. பெட்டியில் இதற்கு இரண்டு தேர்வு இருக்கும். பெயர் பெட்டிக்குப் பெட்டி மாறும். `Original` என்றால் உள்ளபடி, `Stretch` அல்லது `Full` என்றால் இழுத்து நிரப்பு. பல பெட்டிகளில் கேமரா ஒவ்வொன்றுக்கும் தனியாக மாற்றலாம்.

என் வழக்கம்: ஆள் அடையாளம், வண்டி, பணம் வரும் இடங்களில் உள்ளபடி விடுவேன். நீட்டினால் புதிதாக ஒரு விவரமும் வராது. இருப்பதை அகலப்படுத்திக் காட்டுகிறோம், அவ்வளவுதான். வெறும் சுவரையும் வாசலையும் பார்க்கும் கேமரா என்றால், கறுப்பு கண்ணை உறுத்துகிறது என்கிறவருக்கு நீட்டிக் கொடுத்துவிடுவேன். அதில் சண்டை போட ஒன்றும் இல்லை.

இன்னொரு வழி உண்டு. 4:3 கேமராவின் செட்டிங்கில் 16:9 அளவு ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், பெரும்பாலும் 1920x1080 இருக்கும். கறுப்பு போய்விடும். ஆனால் கேமரா படத்தின் மேல்பக்கத்தையும் கீழ்ப்பக்கத்தையும் வெட்டிவிட்டுத்தான் அதைத் தரும். கேமராவுக்கு நேர் கீழே உள்ள வாசற்படி தெரியாமல் போனால் மறுபடி என்னைக் கூப்பிடுவீர்கள்.

தேதி பாதிதான் தெரியுது, ஓரக் கேமராவெல்லாம் வெட்டுப்படுது.

இது டிவியின் வேலை. படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரங்களைக் கண்ணாடிக்கு வெளியே தள்ளுவது டிவிகளின் பழைய பழக்கம். சினிமா பார்க்கும்போது தெரியாது. கட்டம் போட்டால், நாலு ஓரத்துக் கேமராவிலும் ஒரு விரற்கடை காணாமல் போகும். டிவி ரிமோட்டில் படத்தின் அளவு என்ற இடத்துக்குப் போங்கள். `Just Scan`, `Screen Fit`, `Full Pixel`, `1:1` என்று கம்பெனிக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அதைப் போட்டால் வெட்டு நிற்கும், படமும் ஒருபடி கூர்மையாகும். பெட்டி அனுப்பும் ஒரு புள்ளி டிவியின் ஒரு புள்ளியில் நேராக உட்காருவதால் வரும் கூர்மை அது.

ஒரு கேமராவைப் பெரிசாக்குனா கண்ணாடி மாதிரி இருக்கு. கட்டத்துக்குள்ள போனா கலங்கிருது. ஏன்?

ஐ.பி. கேமரா ஒரே நேரத்தில் இரண்டு படம் அனுப்பும். பெரியது பதிவுக்கும் முழுத்திரைக்கும். சிறியது `Sub Stream`, கட்டத்தில் காட்டவும் செல்போனில் பார்க்கவும். எட்டுக் கேமராவின் பெரிய படத்தையும் ஒரே சமயத்தில் விரித்துக் காட்ட பெட்டிக்குச் சக்தி போதாது என்பதால் கட்டத்துக்குச் சிறியதை எடுத்துக்கொள்கிறது. அந்தச் சிறிய படம் 352x288 என்று வைக்கப்பட்டிருந்தால், அதை 640x360 கட்டத்துக்கு ஊதிப் பெருக்க வேண்டியிருக்கிறது. கலங்காமல் என்ன செய்யும்?

பலர் இதை 704x576 ஆக்கிவிட்டு நிம்மதியாகிறார்கள். கலங்கல் குறையும். ஆனால் அது 16:9 அல்ல. கேமரா தன் அகலப் படத்தை அதற்குள் பக்கவாட்டில் நசுக்கி அனுப்புகிறது. கட்டத்தில் நீட்டல் போட்டிருந்தால் மறுபடி விரிந்து சரியாகும், `Original` போட்டிருந்தால் ஆட்கள் ஒல்லியாகத் தெரிவார்கள். முழுத்திரையில் சரி, கட்டத்தில் ஒல்லி என்றால் இதுதான் காரணம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலில் 640x360 இருந்தால் அதையே வையுங்கள். ஒன்பது கட்டத்தின் ஒரு கட்டமும் அதே 640x360. கேமரா அனுப்பும் புள்ளி கூட்டல் குறைத்தல் இல்லாமல் அப்படியே திரைக்கு வருகிறது. 704x576 இல் புள்ளி அதிகம் இருந்தாலும், என் கண்ணுக்கு இதுதான் சுத்தமாகத் தெரிகிறது. பெரிய சன்னலோடு போட்டவர்கள் அந்தச் சன்னலில் எந்தப் படம் ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நண்டு கம்பெனியில் முதலில் தராசு எண் மங்கலாகத்தான் இருந்தது. அந்தச் சன்னலை `Main Stream` க்கு மாற்றியபின்தான் எண் தெளிவானது.

ஒவ்வொரு கேமராவின் கோஆக்சியல் கேபிளும் நேராக வந்து செருகும் பழைய ரக டி.வி.ஆர். பெட்டிக்கு இந்தப் பதில் பொருந்தாது. அதில் கட்டத்துக்கும் கேமராவின் படமே நேராக வருகிறது. அங்கே கலங்கலாக இருந்தால் டிவிக்குப் போவது வி.ஜி.ஏ. கேபிளா என்று பாருங்கள், எச்.டி.எம்.ஐ. க்கு மாற்றினாலே பாதி தீரும்.

அப்ப 4கே டிவி வாங்கிருவோமா?

மூன்று இடத்திலும் 4கே இருந்தால் வாங்குங்கள். டிவி 4கே, பெட்டியின் வெளியீடு 3840x2160, கட்டத்துக்கு வரும் சிறிய படமும் அதற்கேற்ற அளவு. 4கே டிவியில் ஒன்பது கட்டம் போட்டால் ஒரு கட்டம் 1280x720. அதற்குள் 640x360 படத்தை அனுப்பினால் மறுபடி ஊதல்தான், முந்தைய பதிலில் சொன்ன கதை. சிறிய படத்தை 1280x720 ஆக உயர்த்த உங்கள் கேமரா சம்மதிக்கிறதா, உயர்த்தியபின் எட்டையும் விரிக்கப் பெட்டியால் முடிகிறதா என்று பார்க்க வேண்டும். பெட்டியின் விவரத்தாளில் `Decoding Capability` என்ற வரி இருக்கும். அதைத் தாண்டினால் சில கட்டங்கள் கறுப்பாகி நிற்கும் அல்லது படம் தட்டுத்தடுமாறும். கீழக்கரையில் ஒரு பாய் என்னைக் கேட்காமல் 55 அங்குல 4கே வாங்கிவிட்டு, "கலங்கலும் பெரிசாத்தான் வந்திருக்கு" என்றார். சரியாகத்தான் சொன்னார்.

டிவியில ஷார்ப்னஸ்னு ஒண்ணு இருக்கே, அதைக் கூட்டுனா போதாதா?

நானும் ஆரம்பத்தில் அதைத்தான் செய்தேன். ஒரு ஐஸ் கம்பெனியில் படம் மங்கல் என்றார்கள். டிவியில் ஷார்ப்னஸை 80 வரை ஏற்றினேன், பகலில் பளிச்சென்று இருந்தது, காசு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ராத்திரி போன். "படம் முழுக்க அரிசி கொதிக்கிற மாதிரி இருக்கு" என்றார்கள். இருட்டில் கேமரா தரும் புள்ளி இரைச்சலையும் டிவி விளிம்பு என்று நினைத்துத் தூக்கிக் காட்டியிருக்கிறது.

ஷார்ப்னஸ் என்பது விளிம்புகளுக்கு இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடும் கறுப்புக் கோடும் போட்டுக் கண்ணை ஏமாற்றுகிற வேலை. இல்லாத விவரத்தை அதனால் கொண்டுவர முடியாது. சரியான அளவைக் கண்டுபிடிக்கப் பெட்டியின் மெனுவைத் திறந்து எழுத்துகளைப் பாருங்கள். எழுத்தைச் சுற்றி வெள்ளை நிழல் தெரிந்தால் அதிகம். நிழல் மறையும் வரை குறைத்து அங்கேயே விடுங்கள். சில டிவியில் அது பூஜ்யத்தில் வரும், சிலவற்றில் நடுவில் வரும், எண்ணைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. கேமராவுக்குள்ளேயும் ஒரு ஷார்ப்னஸ் உண்டு. அதைக் கூட்டினால் இரைச்சல் பதிவிலேயே ஏறிவிடும், பிறகு எடுக்க முடியாது. நான் அதைத் தொடுவதில்லை.

எங்கள் கரையில் மங்கலுக்கு முதல் காரணம் வேறு: கண்ணாடியில் படியும் உப்பு. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பாம்பன் பக்கம் கடலைப் பார்த்த கேமராவில் வெகு சீக்கிரம் பால் தடவியது போல் ஒரு படலம் வந்துவிடும். அறைக்குள் உள்ள கேமரா தெளிவாக இருந்து வெளியே உள்ளது மட்டும் வெளிறினால், ராத்திரியில் கேமராவின் சொந்த அகச்சிவப்பு வெளிச்சமே வெள்ளைப் புகையாய்த் திரும்பி அடித்தால், அது உப்புதான். உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள், உப்புத் துகள் கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் நல்ல தண்ணீரைத் தெளித்துக் கரையவிட்டு, பிறகு மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊரில் கேன் தண்ணீரே நல்லது.

கட்டத்துக்குள்ளேயே முகம் தெரியுமா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கேமரா அமைப்புக்கான ஐ.இ.சி. 62676-4 தரநிலை, முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காண ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளி வேண்டும் என்கிறது. ஏற்கெனவே பழகிய ஆளா என்று பார்க்க 125. என்ன செய்கிறார் என்று கவனிக்க 62 சொச்சம்.

உங்கள் கேட் கேமராவில் ஆள் நிற்கும் இடத்தில் பத்து மீட்டர் அகலம் தெரிகிறது என்று வையுங்கள். 640 புள்ளிக் கட்டத்தில் மீட்டருக்கு 64. ஒருவர் வருகிறார், கையில் கூடை இருக்கிறது, அவ்வளவுதான் சொல்ல முடியும். அதே கேமராவை இரட்டைக் கிளிக் செய்து முழுத்திரை ஆக்கினால் 192, நம் ஆளா வெளி ஆளா என்று தெரியும். புது ஆளின் முகத்துக்கு 250 எட்டவில்லை. கட்டத்தை மாற்றி இது தீராது. அந்தக் கேமராவை ஏழரை மீட்டர் அகலம் மட்டும் தெரியும்படி லென்ஸை மாற்றியோ நெருக்கியோ வைக்க வேண்டும்.

நீட்டி விட்டா பதிவும் நீண்டு போயிருமா? போலீஸ் கேட்டா என்ன குடுக்கிறது?

போகாது. கட்டம், நீட்டல், டிவி ஷார்ப்னஸ் எல்லாம் கண்ணுக்குக் காட்டும் இடத்தில்தான் நடக்கின்றன. ஹார்ட் டிஸ்கில் விழுவது கேமரா அனுப்பிய பெரிய படம், அதன் சொந்த வடிவத்தில். அதனால் டிவியைச் செல்போனில் படம் பிடித்துக் கொடுக்காதீர்கள். பென் டிரைவில் பெட்டியிலிருந்தே எடுத்துக் கொடுங்கள்.

கம்ப்யூட்டரில் ஓட்டும்போது வடிவம் கோணலாகத் தெரிந்தால் VLC இல் A விசையை அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்துக்கும் 16:9, 4:3 என்று மாறிக்கொண்டே வரும். கோப்பு மாறாது.

நீங்க சொன்ன மாதிரி `Original` போட்டேன். எல்லாரும் ஒட்டடைக்குச்சி மாதிரி ஆயிட்டாங்க.

உங்களுடையது மலிவு விலை டி.வி.ஆர். பெட்டியாக இருக்கும். பதிவு அளவைப் பாருங்கள், `1080N` அல்லது `1080P Lite` என்று இருக்கும். அது 960x1080. உயரம் முழுசாக இருக்க, அகலத்தைப் பாதியாக நசுக்கி டிஸ்க் இடத்தை மிச்சம் பிடிக்கிறார்கள். இந்தப் படத்தை நீட்டினால்தான் அது தன் உண்மையான வடிவத்துக்கு வரும். ஆகவே இந்த ஒரு வகைக்கு நான் மேலே சொன்னதைத் தலைகீழாக எடுத்துக்கொண்டு `Full` போடுங்கள். சந்தேகம் இருந்தால் பைக் சக்கரம் இருக்கவே இருக்கிறது.

வடிவம் சரியானாலும் பக்கவாட்டு விவரத்தில் பாதி போனது போனதுதான். நம்பர் பிளேட்டில் 8, 3, B மூன்றும் ஒரே மாதிரி தெரிந்தால் இதையும் ஒரு காரணமாக நினையுங்கள்.

லாட்ஜ் வராண்டா நீளமா இருக்கு. கேமராவைச் சாய்ச்சு மாட்டுனீங்க, கட்டத்துல துக்கடா மாதிரி தெரியுதே?

ராமேஸ்வரத்தில் லாட்ஜ் வைத்திருப்பவர்கள் கேட்பது. நீள வராண்டாவுக்குக் கேமராவை 90 டிகிரி திருப்பி வைத்தால் படம் 9:16 ஆகும், செல்போனை நிமிர்த்திப் பிடித்தது போல. இரண்டு பக்கச் சுவருக்கும் வீணாகும் புள்ளிகள் வராண்டாவின் நீளத்துக்குக் கிடைக்கின்றன. கடைசி அறைக் கதவு வரை தெரியும். ஆனால் 640x360 கட்டத்தில் அந்தப் படம் 202 புள்ளி அகலம்தான், மிச்சம் கறுப்பு. தயவுசெய்து நீட்டாதீர்கள். மூன்று மடங்கு அகலமாகி, ஆள் நடப்பது பீப்பாய் உருள்வது போல் இருக்கும்.

சில பெட்டிகளில் இதற்கென்றே நெடுங்கட்டங்கள் உண்டு: திரையை மூன்று நெட்டுப் பத்தியாகப் பிரித்துக் காட்டும். ஒரு பத்தி 640x1080, அதில் 9:16 படம் ஏறக்குறைய முழுதாக உட்காரும். மூன்று மாடிக்கு மூன்று வராண்டா உள்ள லாட்ஜில் வரவேற்பறைக்குத் தனி டிவி வைத்து இப்படிப் போட்டிருக்கிறேன். மற்ற கேமராக்கள் முதலாளி அறையில்.

டிவியைச் சுவரு உச்சியில மாட்டலாமா, மேசை மேல வைக்கலாமா?

கூர்மையைப் பற்றிப் பேசுகிறவர்கள் கடைசியில்தான் இதைக் கேட்கிறார்கள். நல்ல கண் மூன்று மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டரைத்தான் பிரித்துப் பார்க்கும். 43 அங்குல 1080 டிவியின் ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர். அதாவது மூன்று மீட்டரில் உட்கார்ந்தால் டிவி காட்டுவதில் கணிசமான பங்கு கண்ணுக்கு எட்டவில்லை. எட்டுக் கட்ட அமைப்பின் சிறிய கட்டம் 24 சென்டிமீட்டர் அகலம். அதன் 480 புள்ளியில் 270 போல்தான் தெரியும். ஒன்றே முக்கால் மீட்டருக்குள் வந்தால் முழுவதும் தெரியும்.

நண்டு கம்பெனியில் டிவி கதவுக்கு மேலே, உத்தரத்தை ஒட்டி இருந்தது. சுவரில் வேறு ஆணி அடிக்க முதலாளிக்கு மனமில்லை. மேசையை இரண்டடி முன்னால் தள்ளிப் போட்டோம். டிவியைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்தேன், ஜன்னல் வெளிச்சம் கண்ணாடியில் அடிப்பதும் அதோடு நின்றது. வாட்ச்மேன் வந்து பார்த்துவிட்டு, "இப்பத்தான் என் அளவுக்கு இருக்கேன்" என்று சொல்லிப் பைக்கை எடுத்துக்கொண்டு போனார்.